“பிரதாப முதலியார் சரி…”: ஓர் ஒலிப்புத்தகப் பக்கத்தைப் பழுதுபார்த்த கதை

எங்கள் ஒலிப்பதிவுக் கூடம் என்பது குரோம்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் உள்ள 2 அறைகள். ஒன்றில் மைக், மற்றொன்றில் நான். 1879-இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நாவலை அங்கே பல மாதம் உட்கார்ந்து பதிவு செய்தோம். எழுதியவர் காலமாகி நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் உரிமைச் சிக்கல் இல்லை. ஆனால் அதே காரணத்தால் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம், அதே தலைப்பில் கடையில் இன்னொன்றும் இருக்கலாம். மொத்தம் 11 மணி 40 நிமிடம் வந்தது. ஓர் ஒலிக்கடையில் ஏற்றி, கொஞ்ச நாள் மறந்தும் விட்டோம்.

மறக்க விடாதவர் வாசித்த அக்காதான். தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் தினமும் போய்வருபவர். ஒரு நாள் காலை போன் செய்தார்.

“தம்பி, நம்ம புஸ்தகத்த ரயில்ல தேடினேன். வரவே இல்ல. நீ அனுப்பின லிங்க்ல போனா வருது, தேடினா வரல. அப்புறம் இன்னொண்ணு, அதுல என் பேரே இல்லையேப்பா.”

இரண்டுமே உண்மை என்பது அன்றிரவு தெரிந்தது. அதன்பின் 3 வாரம் நடந்த வேலையின் பதிவு இது. ஒலியில் கை வைத்தது கடைசியில்தான். மற்றதெல்லாம் தலைப்பு, வாசித்தவர் பெயர், அறிமுகக் குறிப்பு என்ற 3 பெட்டிகளுக்குள் நடந்தது.

முதலில், தேடினால் ஏன் வரவில்லை? கடையின் பக்கத்தில் தலைப்பு பார்ப்பதற்குச் சரியாகவே இருந்தது. நானும் என் போனில் ‘பிரதாப’ என்று தட்டச்சு செய்து தேடினேன். எங்கள் பதிவு வரவில்லை. ‘முதலியார்’ என்று மட்டும் தேடினால் வந்தது. அப்படியானால் பிழை முதல் சொல்லில்தான். கடையிலிருந்து தலைப்பை நகலெடுத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் கணினி வைத்திருக்கும் எண்ணைப் பார்த்தேன்.

```
$ python3 -c "print([hex(ord(c)) for c in 'பிரதரப'])"
['0xbaa', '0xbbf', '0xbb0', '0xba4', '0xbb0', '0xbaa']
```

ஐந்தாவது இடத்தில் இருக்க வேண்டியது துணைக்கால், அதாவது `0xbbe`. இருந்ததோ `0xbb0`, ‘ர’ என்ற எழுத்து. பழைய பதிப்பின் முகப்பை ஸ்கேன் செய்து, எழுத்துணரி மென்பொருளில் போட்டு, வந்ததை அப்படியே தலைப்புப் பெட்டியில் ஒட்டியவன் நான்தான். துணைக்காலும் ரகரமும் பல எழுத்துருக்களில் வால் அளவுதான் வேறுபடும். சிறிய எழுத்தில், செயலியின் சாம்பல் நிறத்தில், கண்ணுக்குப் பிடிபடாது. தேடுபொறிக்கு அது ‘பிரதரப’ என்ற வேறு சொல்.

கட்டளை ஓட்டத் தெரியாதவர்களுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. தட்டச்சுப் பெட்டியில் கர்சரை இடம் வலமாக நகர்த்திப் பாருங்கள். ‘தா’ சரியாக இருந்தால் கர்சர் அதை ஒரே தாவலில் கடக்கும். நடுவில் நின்றால் அங்கே இருப்பது இரண்டு எழுத்து. என்னைக் கேட்டால், தலைப்பு மூன்று சொல்தான், கையால் தட்டச்சு செய்துவிடுவதே நல்லது. ஸ்கேனிலிருந்து ஒட்டும் பழக்கத்தை அன்றோடு விட்டேன்.

அடுத்தது தலைப்பின் நீளம். நான் முதலில் போட்டிருந்தது இது:

“பிரதாப முதலியார் சரித்திரம் | தமிழின் முதல் நாவல் | முழு ஒலிப்புத்தகம் | Prathapa Mudaliar Charithram Tamil Audiobook Full”

வீடியோத் தளங்களில் பார்த்துப் பழகிய பாணி. தேடலுக்கு உதவும் என்று நினைத்தேன். கணினியில் பார்க்க மோசமாகக்கூடத் தெரியவில்லை. மறுநாள் காலை அக்காவோடு அதே ரயிலில் ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றொரு கையில் போனைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பட்டியல் பக்கத்தில் தலைப்புக்கு 2 வரி. அதில் ‘தமிழின் முத’ வரை தெரிந்தது. பாடும்போது வரும் சிறிய பட்டையில் 1 வரிதான். அங்கே “பிரதாப முதலியார் சரி…” என்று நின்றது. என்ன சரி என்று அக்கா கேட்டார்.

அந்த வெட்டை முழுக்கத் தவிர்க்க முடியாது. தலைப்பே 15 எழுத்தும் 2 இடைவெளியும். அகலமான எழுத்துகள் வேறு. ஆனால் மூன்று சொல் மட்டும் இருந்தால் பட்டியல் பக்கத்தின் 2 வரிக்குள் முழுதாக அடங்குகிறது. பூட்டுத் திரையில் எழுத்து ஓடினாலும் ஒரு சுற்றில் முடிந்துவிடுகிறது. எனவே தலைப்புப் பெட்டியில் தலைப்பு மட்டும். ‘சுருக்கப்படாத வாசிப்பு’ என்பதை உபதலைப்புப் பெட்டிக்கு மாற்றினேன். ‘தமிழின் முதல் நாவல்’ அறிமுகக் குறிப்புக்குள் போனது. ‘முழு ஒலிப்புத்தகம்’ குப்பைக்குப் போனது. ஒலிப்புத்தகக் கடையில் நின்றுகொண்டு ‘இது ஒலிப்புத்தகம்’ என்று சொல்வானேன்?

தலைப்பு சுத்தமாக இருப்பதற்கு அழகைத் தாண்டி இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலான ஒலிக்கடைகள் 3 இடங்களைப் பொருத்திப் பார்க்கின்றன. பக்கத்தில் உள்ள தலைப்பு, அட்டைப்படத்தில் உள்ள தலைப்பு, ஒலியின் தொடக்கத்தில் சொல்லப்படும் தலைப்பு. இவை ஒத்துப்போகாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். எங்களுடையது எப்படித் தப்பி உள்ளே போனது என்று தெரியவில்லை. அட்டையில் 3 சொல், ஒலியில் 3 சொல், பக்கத்தில் ஒரு ரயில் பெட்டி நீளத்துக்கு.

ஆங்கில எழுத்தில் தேடுபவர்களை என்ன செய்வது? இது நியாயமான கவலை. தமிழ்ப் புத்தகத்தை ஆங்கில விசைப்பலகையில் தேடுபவர்கள் நிறையப் பேர். அதுவும் ஓடும் பேருந்தில் விசைப்பலகை மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை. சிக்கல் என்னவென்றால் எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஒன்று: Prathapa, Pratapa, Piratapa, Mudaliar, Muthaliyar, Charithram, Sarithiram, Saritthiram. கடையின் விண்ணப்பத்தில் தேடுசொற்கள் என்று ஒரு தனிப்பெட்டி இருந்தது. கேட்பவர் கண்ணில் படாத பெட்டி அது. இந்த வடிவங்களை அங்கே போட்டேன். அப்படிப் பெட்டி இல்லாத கடைக்கு, அறிமுகக் குறிப்பின் கடைசி வரியில் ஒரே ஒரு ஆங்கில வடிவம். கடைசி வரியில், முதல் வரியில் அல்ல. காரணம் பின்னால் வருகிறது.

ஆசிரியர் பெயரிலும் ஒரு வேடிக்கை நடந்திருந்தது. நான் ‘வேதநாயகம்’ என்று மட்டும் போட்டிருந்தேன். கடையில் அந்தப் பெயரைத் தட்டினால் திறந்த பக்கத்தில் எங்கள் நாவலோடு தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளும் சேர்ந்து இருந்தன. அவர் 1864-இல் மறைந்தவர். நாவலாசிரியர் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1826-இல் பிறந்து 1889-இல் காலமானவர். இருவரும் கிறிஸ்தவத் தமிழர்கள், இருவரும் பாட்டு எழுதியவர்கள். ஆகவே கடையின் இயந்திரத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. ‘மாயூரம் வேதநாயகம் பிள்ளை’ என்று முழுதாகப் போட்டு, பிரித்துவிடச் சொல்லி எழுதியதும் சில நாளில் சரியானது.

சரி, அக்காவின் பெயருக்கு வருவோம். இதில்தான் அதிக நேரம் போனது.

பெயர் போடாமல் விட்டது வேண்டுமென்றே செய்ததல்ல. நாங்கள் கடையில் நேரடியாக ஏற்றவில்லை. பல கடைகளுக்கு ஒரே இடத்திலிருந்து அனுப்பும் ஒரு விநியோகத் தளம் வழியாக ஏற்றினோம். அதன் படிவத்தில் ‘கலைஞர்’ என்று ஒரே பெட்டி. பாடல்களுக்காகச் செய்த படிவம் போலிருக்கிறது. நான் அங்கே எங்கள் கூடத்தின் பெயரைப் போட்டேன். அது கடையில் போய் ‘வாசிப்பவர்’ என்ற இடத்தில் உட்கார்ந்தது. 11 மணி நேரம் தொண்டை வற்ற வாசித்தவர் காணாமல் போய், மாடி அறை நாவல் வாசித்ததாக ஆகிவிட்டது.

புத்தக வணிகத்தில் தகவல் பரிமாற ‘ஓனிக்ஸ்’ என்று ஒரு பொது வடிவம் உண்டு. அதில் ஒவ்வொரு பங்களிப்புக்கும் ஒரு குறி இருக்கிறது. எழுதியவருக்கு `A01`, வாசித்தவருக்கு `E07`. கதைசொல்லிக்கு `E03` என்று தனியாக ஒன்று. படிவத்தில் ‘மேலும் பங்களிப்பாளர்’ என்ற சிறிய இணைப்பைத் தட்டினால் இந்தக் குறிகள் கொண்ட பட்டியல் திறக்கிறது. நான் அதைத் தட்டியதே இல்லை. அங்கே அக்காவின் பெயரை `E07` என்று சேர்த்து, கூடத்தின் பெயரை வெளியீட்டாளர் பெட்டிக்கு நகர்த்தினேன்.

`E07`-ஆ `E03`-ஆ என்று நானும் அக்காவும் சிறிது நேரம் வாதாடினோம். தமிழில் ‘கதைசொல்லி’ என்றால் கேட்க நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு உடன்பாடில்லை. இந்த நாவல் பிரதாப முதலியாரே தன் கதையைச் சொல்வதாக எழுதப்பட்டது. கதைசொல்லி அவர். அக்கா அவர் சொல்வதை வாசிக்கிறார். ‘குரல்’ என்று போட்டால் விளம்பரப் படத்துக்குப் பின்னணி பேசியது போல இருக்கும். ‘நடிப்பு’ என்றால் நாடகம் என்று நினைத்து வாங்குவார்கள். வாங்கிவிட்டு ஒரே குரலைக் கேட்டு ஏமாந்து 1 நட்சத்திரம் போடுவார்கள். ‘வாசிப்பு’ என்பதே இதற்குப் பொருத்தம் என்று முடிவானது.

பெயரை எப்படி எழுதுவது என்பதும் கேள்வியாயிற்று. அக்கா இதற்கு முன் வேறு இடங்களில் 2 புத்தகம் வாசித்திருக்கிறார். ஒன்றில் முன்னெழுத்து முன்னால், ஆங்கிலத்தில். மற்றொன்றில் முன்னெழுத்து பின்னால். எங்கள் பக்கத்தில் நான் தமிழில் போட்டதும் கடை மூன்றாவதாக ஒரு புதிய ஆளை உருவாக்கிவிட்டது. மூன்று பக்கம், ஒவ்வொன்றிலும் ஒரு புத்தகம். ரயிலில் ஒரு புத்தகத்தைக் கேட்டு முடித்தவர் வாசித்தவர் பெயரைத் தட்டி அடுத்ததைத் தேடுவார். அங்கே ஒன்றுமில்லை என்றால் அவர் வேறு புத்தகத்துக்குப் போய்விடுவார். குரல் பிடித்துத்தான் நிறையப் பேர் அடுத்த புத்தகம் எடுக்கிறார்கள். இந்தப் பெயர் அதற்கான வாசல். மற்ற இரண்டில் எது அதிகம் புழங்குகிறதோ, அந்த வடிவத்தையே புள்ளி, இடைவெளி மாறாமல் நாங்களும் எடுத்துக்கொண்டோம். தமிழ் வடிவம் அட்டைப்படத்தில் இருக்கிறது.

இன்னொரு முடிச்சு. அக்காவுக்குத் தொண்டை கட்டிய வாரத்தில் 2 அத்தியாயங்களை என் நண்பன் வாசித்தான். அவனையும் `E07` என்று சேர்த்ததும் கடையில் “வாசிப்பவர்கள்” என்று இரண்டு பெயரும் சமமாக நின்றன. பார்ப்பவர் ஆணும் பெண்ணும் பாத்திரம் பிரித்து வாசிக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். அவன் பெயரை எடுத்துவிடுவதும் நியாயமல்ல. ஆகவே வரிசையில் அக்கா முதலில், அவன் இரண்டாவது. அறிமுகக் குறிப்பில் எந்த 2 அத்தியாயங்கள் அவனுடையவை என்று ஒரு வாக்கியம். இதைச் சொல்லாமல் விட்டால், நடுவில் குரல் மாறும்போது பேருந்தில் இருப்பவர் வேறு கோப்பு பாடுகிறதோ என்று போனை எடுத்துப் பார்ப்பார்.

இனி அறிமுகக் குறிப்பு. பழையது இப்படித் தொடங்கியது:

“தமிழ் இலக்கிய வரலாற்றில் முதல் நாவல் என்று போற்றப்படும் பெருமைக்குரிய இந்த அரிய படைப்பு, அக்காலச் சமூகத்தின் வாழ்வியலைப் படம்பிடித்துக் காட்டும் ஒரு காலக் கண்ணாடியாகத் திகழ்கிறது…”

செயலியில் முதல் 3 வரிதான் தெரியும். அதன்பின் ‘மேலும்’ என்று ஒரு சொல். பழைய குறிப்பின் 3 வரியில் கதை இல்லை, நேரம் இல்லை, மொழி எப்படி என்று இல்லை. ‘திகழ்கிறது’ மட்டும் இருந்தது. அக்காவிடம் கேட்டேன், ரயிலில் ஒரு புத்தகத்தை எடுக்கும் முன் என்ன பார்ப்பீர்கள் என்று. “சானடோரியத்துல ஏறினா எக்மோர் வர்றதுக்குள்ள ஒண்ணு முடியுமான்னு பார்ப்பேன்” என்றார். அதுதான் விஷயம். கடை மொத்த நேரத்தைத் தானே காட்டும். ஓர் அத்தியாயம் எவ்வளவு என்பதைக் காட்டாது. கோப்புகளைக் கணக்கெடுத்தேன்: சராசரி கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், மிகச் சிறியது 6 நிமிடம், மிகப் பெரியது 38.

இரண்டாவது, மொழி. 19-ஆம் நூற்றாண்டு உரைநடை, வடசொல் நிறைய. முதல் அத்தியாயத்தில் காது பழக நேரமாகும். இதை மறைத்தால் கோபம்தான் வரும். மூன்றாவது, கதையில் எதைச் சொல்வது? ஞானாம்பாள் ஆண் வேடத்தில் போய், யானை மாலை போட்டதால் விக்கிரமபுரிக்கு ராஜா ஆவது நாவலின் பிற்பகுதியில் வருகிறது. அதை முதல் வரியிலேயே சொன்னால் சுவை கெடாதா என்று யோசித்தேன். பாடப்புத்தக வாசனை அடிக்கும் ஒரு தலைப்பைத் தட்ட வைக்க அதைவிட நல்ல வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. இந்த நாவலில் அடுத்து என்ன நடக்கும் என்பதைவிட வழியில் சொல்லப்படும் கிளைக்கதைகள்தான் சுவை. எனவே சொல்லிவிட்டேன். 5 முறை எழுதி அடித்த பின் நின்றது இது:

“தொலைந்துபோன கணவனைத் தேடி ஆண் வேடத்தில் புறப்படும் ஞானாம்பாள், ஒரு யானை மாலை போட்டதால் ராஜா ஆகிவிடுகிறாள். அந்தக் கணவன், பிரதாப முதலியார், தன் கதையைச் சிரிக்கச் சிரிக்கத் தானே சொல்கிறார். ஓர் அத்தியாயம் ஏறக்குறைய 15 நிமிடம்.

1879-இல் வெளிவந்த, தமிழின் முதல் நாவல். அந்தக் காலத்து உரைநடை மாற்றப்படாமல் வாசிக்கப்படுகிறது. முதல் அத்தியாயத்தில் சில சொற்கள் புதிதாக இருக்கும். கிளைக்கதைகள் பல இருப்பதால் நடுவில் நிறுத்தி மறுநாள் தொடரலாம். ஒரே குரலில் வாசிப்பு, பின்னணி இசை இல்லை. 2 அத்தியாயங்கள் மட்டும் வேறு குரலில்.”

அதன் கீழே அந்த 2 அத்தியாயங்களின் எண், நண்பனின் பெயர், கடைசியில் ஆங்கில எழுத்தில் தலைப்பு. ‘பின்னணி இசை இல்லை’ என்பது அக்கா சேர்க்கச் சொன்னது. ரயில் இரைச்சலுக்கு மேல் வீணை வேறு ஒலித்தால் சொல் காதில் விழாதாம்.

ரயிலில் கண்ணில் பட்ட இன்னொரு பிழையையும் சேர்த்துத் திருத்தினேன். கோப்புகளின் பெயர் “பிரதாப முதலியார் சரித்திரம் - அத்தியாயம் 12” என்ற வகையில் இருந்தது. ஒற்றை வரிப் பட்டையில் எல்லாக் கோப்பும் ‘சரி…’ என்றே வெட்டுப்பட்டது. எந்த அத்தியாயத்தில் இருக்கிறோம் என்று யாராலும் சொல்ல முடியாது. எண்ணை முன்னால் கொண்டுவந்து “12. அத்தியாயம்” என்று மாற்றினேன்.

இவ்வளவும் மாற்றிய பின் ஒலியைத் தொட வேண்டி வந்தது. தொடக்க அறிவிப்பில் எங்கள் கூடத்தின் பெயர் மட்டும் இருந்தது, அக்கா பெயர் இல்லை. அரை நிமிட வேலைதானே என்று ஒரு மாலையில் பதிவு செய்தோம். கேட்டால் அறிவிப்பு சத்தமாகவும், அதையடுத்து முதல் அத்தியாயம் கிணற்றுக்குள்ளிருந்தும் வந்தது. மைக்குக்கும் வாய்க்கும் இடையே முன்பு ஒரு சாண் இருந்தது, இம்முறை நாலு விரல்தான். ஒலிக்கடைகள் பொதுவாகச் சராசரி ஒலியளவு −23-க்கும் −18 டெசிபலுக்கும் இடையில் இருக்கக் கேட்கின்றன. எங்கள் இரண்டும் அந்த வரம்புக்குள்தான் இருந்தன, ஆனால் ஒன்று மேல் விளிம்பில், ஒன்று கீழ் விளிம்பில். காதில் ஹெட்போன் போட்டவர் துள்ளிவிடுவார். சாண் அளந்து மறுபடி பதிவு செய்தோம்.

ஒரு தவறைச் செய்யப் போய்க் கடைசி நிமிடத்தில் நிறுத்தினேன். பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றிவிடலாம் என்று தோன்றியது, அதுதான் சுலபம். நீக்கியிருந்தால் அதுவரை வந்த 4 மதிப்புரைகளும், வாங்கியவர்கள் எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்ற குறிப்பும் போயிருக்கும். பழைய பதிவையே திருத்தி அனுப்பினேன். கடையில் மாற்றம் தெரிய 9 நாள் ஆனது. அதற்குள் 2 முறை வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பித் தொலைத்தேன். வரிசையில் மீண்டும் கடைசிக்குப் போனதுதான் மிச்சம்.

இப்போது ‘பிரதாப’ என்று தேடினால் வருகிறது. அக்கா பெயரைத் தட்டினால் 3 புத்தகமும் ஒரே பக்கத்தில் வருகின்றன.

நண்பனின் காரில் புளூடூத் வழியே போட்டுப் பார்த்தோம். அவன் காரின் திரையில் தமிழ் எழுத்துரு இல்லை. எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக ஒரு வரிசை ஓடுகிறது. அதற்கு முன்னால் ‘12.’ மட்டும் தெளிவாகத் தெரிகிறது. இன்னொரு கடையில் ‘காலக் கண்ணாடியாகத் திகழ்கிறது’ இன்னும் அப்படியே இருக்கிறது. விநியோகத் தளத்துக்கு 2 கடிதம் எழுதியாயிற்று.